எச்.ஆருக்கு எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன்: பிஐபி வந்த ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி: "சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக 4 வருடம் 7 மாதமாக வேலை பார்க்கிறேன், சேர்ந்தது ஜூன் 14. போன திங்கட்கிழமை, ஜனவரி 19 அன்று, 60 நாள் பிஐபி, அதாவது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், கொடுத்துவிட்டார்கள். என் வேலை போய்விடுமா என்று கேட்டு எச்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. கடிதத்தையும் பிஐபியில் உள்ள மூன்று இலக்குகளையும் இணைத்திருக்கிறேன். இதை அப்படியே அனுப்பலாமா? நோட்டீஸ் பீரியட் 90 நாள்."

கடிதம் அனுப்புங்கள், ஆனால் இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் மையமாக இருக்கும் ஒரே கேள்வி "என் வேலைக்கு ஆபத்து உண்டா" என்பது. அதற்கு எந்த எச்.ஆரும் எழுத்தில் உண்டு என்றோ இல்லை என்றோ பதில் தரமாட்டார். "இந்தத் திட்டம் உங்களுக்கு உதவுவதற்காகவே, உங்கள் மேனேஜரோடு சேர்ந்து செயல்படுங்கள்" என்று மூன்று வரி வரும், அவ்வளவுதான். அந்த மூன்று வரிக்காக நீங்கள் கொடுக்கும் விலை அதிகம், ஏனென்றால் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் "கடந்த ஆறு மாதமாக என் வேலை சரியில்லை என்பது எனக்கே தெரியும், வீட்டுப் பிரச்சினையால் கவனம் செலுத்த முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 14 வருடம் சென்னையில் ஐடி கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்த்தவன், பிஐபி கொடுக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். வக்கீல் இல்லை. அதனால் சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், வழக்கு என்று போவதானால் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதலில் அந்தக் காகிதம் என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பிஐபி என்ற சொல் நம் நாட்டுத் தொழிலாளர் சட்டம் எதிலும் கிடையாது. அது கம்பெனி தன் உள்விதிப்படி தயாரிக்கும் ஓர் ஆவணம். அதை வாங்கிக்கொண்டதால் உங்கள் வேலை போய்விடாது, உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள எந்த உரிமையும் குறையாது, நோட்டீஸ் பீரியடும் அப்படியே 90 நாள்தான். பிறகு எதற்காக இவ்வளவு எழுத்து வேலை செய்கிறார்கள் என்றால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஜவுளிக்கடைக்கும் ஓட்டலுக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஐடி அலுவலகங்களும் அதற்குள்தான் வருகின்றன. அதன் 41-வது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. நிறுத்தப்பட்டவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே கம்பெனி "நியாயமான காரணம் இதோ" என்று எதை எடுத்து வைக்கும்? உங்கள் பிஐபி ஃபைலைத்தான்.

ஆக இது இரண்டு வேலை செய்யும் காகிதம். நல்ல மேனேஜர் கையில் அது உண்மையிலேயே ஓர் ஆளைத் தூக்கிவிடும். அனுப்பிவிடுவது என்று முன்பே முடிவெடுத்தவர் கையில் அது சாட்சியம் சேர்க்கும் வேலை. இரண்டு நோக்கத்துக்கும் காகிதம் ஒன்றேதான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பல சமயம் எச்.ஆருக்கே தெரியாது, எனக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதும் கடிதமும் அதே ஃபைலுக்குள்தான் போய் உட்காரும். அதனால் அதை இன்றைக்குப் படிக்கப்போகும் எச்.ஆரை மட்டும் மனதில் வைத்து எழுதக் கூடாது. ஒரு வருடம் கழித்து உங்களையும் தெரியாத, உங்கள் மேனேஜரையும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் அந்த ஃபைலைப் புரட்டுவார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர் மேல்முறையீட்டு அதிகாரியாக இருக்கலாம், பெரும்பாலும் கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கும் ஒருவராக இருப்பார். நோட்டீஸ் கொடுக்கும் முன் "இந்த ஃபைல் நிற்குமா" என்று பார்ப்பது அவர் வேலை.

நான் இருந்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் பிஐபி வந்த அன்றே இரவு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டயாலிசிஸுக்கு அலைகிறேன், அதனால் வேலையில் கவனம் சிதறியது, மன்னித்துவிடுங்கள், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று. படித்து எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து முடிவுக் குறிப்பு எழுதும்போது மேனேஜர் அந்தக் கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துப் போட்டார்: "குறைபாடுகளை ஊழியரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்." அப்பாவைப் பற்றிய வரி அதில் இல்லை. அந்தக் குறிப்பில் நானும் கையெழுத்துப் போட்டேன், அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உங்கள் இரண்டாவது பத்தியைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. தயவுசெய்து அந்தப் பத்தியை முழுதாக எடுத்துவிடுங்கள். வீட்டில் உண்மையிலேயே சிரமம் என்றால் அதைத் தனியாக, விடுப்புக் கேட்டோ வேலை நேரத்தை மாற்றக் கேட்டோ, தேதி போட்டு இன்னொரு மெயிலில் கேளுங்கள். பிஐபிக்கான பதிலில் கலக்காதீர்கள்.

இனி உங்கள் இலக்குகளுக்கு வருகிறேன், கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் இலக்கு, "டிஃபெக்ட் லீக்கேஜ் 5 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும்." எண் போட்டிருக்கிறார்களே, தெளிவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பொதுவாக இதைக் கணக்கிடும் விதம்: நீங்கள் டெஸ்ட் செய்து அனுப்பிய பிறகு வாடிக்கையாளரிடம் போய் வெளிப்பட்ட பிழை, அதாவது பக், அதையும் நீங்கள் டெஸ்டிங்கில் பிடித்த பக்கையும் கூட்டி, அந்த மொத்தத்தில் வெளியே போனது எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. இந்த 60 நாளில் நீங்கள் 38 பக் பிடிக்கிறீர்கள், 4 வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 42, அதில் 4 என்றால் 9.5 சதவீதம், அதாவது நீங்கள் ஃபெயில். ஆனால் அந்த நாலில் இரண்டு, தேவை ஆவணத்திலேயே எழுதப்படாத விஷயம், டெவலப்பர் கடைசி நாள் சேர்த்தது, உங்களிடம் டெஸ்டிங்குக்கே வரவில்லை என்று வைத்துக்கொண்டால்? அந்த இரண்டையும் கழித்தால் மொத்தம் 40, அதில் 2, சரியாக 5 சதவீதம். இப்போது பாருங்கள், இலக்கில் "5-க்குக் கீழ்" என்று இருக்கிறது. சரியாக 5 வந்தால் அதுவும் ஃபெயில்தான். "5-க்கு மேல் போகக் கூடாது" என்று இருந்திருந்தால் பாஸ். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது அல்லது போகிறது.

இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் சதவீதம் போடுவதே ஆபத்து. 40 பக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இரண்டரை சதவீதம் ஆடும். அதனால் கடிதத்தில் கேட்க வேண்டியது: எந்த பக் கணக்கில் வரும், எது வராது, அதை யார் முடிவு செய்வார்கள், அந்த மாட்யூலை உங்களோடு வேறு டெஸ்டர்களும் பார்த்தால் எது யாருடையது, பக்குகளைப் பதியும் ஜிரா மென்பொருளில் எந்த ஃபீல்டை வைத்து எடுப்பார்கள், கடந்த இரண்டு காலாண்டில் உங்கள் எண் என்ன, டீமின் எண் என்ன. கடைசிக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. பிஐபி எழுதும்போது பழைய எண்ணை எடுத்துப் பார்க்காமல் ஒரு ரவுண்டு எண்ணைப் போடுவது நான் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். டீமே 8 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் 5 என்றால், ஃபைலைப் புரட்டும் அந்த மூன்றாவது ஆளுக்கு அது உடனே கண்ணில் படும்.

இரண்டாவது இலக்கு, "வேலைக்குப் பொறுப்பேற்கும் மனப்பான்மையைக் காட்ட வேண்டும்." இதை அளக்க முடியாது. இதில் நீங்கள் பாஸா ஃபெயிலா என்பது 60-வது நாள் மேனேஜர் மனதில் என்ன இருக்கிறதோ அதுதான். இதை எதிர்த்து வாதாடாதீர்கள், "நான் பொறுப்பாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது. நீங்களே அதற்கு ஓர் உருவம் கொடுத்து ஒப்புதல் கேளுங்கள்: என் மாட்யூலில் வரும் முக்கியமான பக்கை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துப் பதில் தருவது, ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்று ஒவ்வொன்றின் முடிவிலும் டெஸ்ட் அறிக்கையை நானே அனுப்புவது, இந்த இரண்டும் நடந்தால் இந்த இலக்கு நிறைவேறியதாகக் கொள்ளலாமா என்று. சரி என்று பதில் வந்தால் அளக்க முடியாத இலக்கு அளக்கக் கூடியதாகிவிட்டது. பதிலே வரவில்லை என்றாலும் நீங்கள் கேட்டது ஃபைலில் இருக்கிறது.

மூன்றாவது, 60 ரிக்ரஷன் டெஸ்ட் கேஸை, அதாவது பழைய வசதிகள் கெட்டுவிடவில்லையா என்று பார்க்கும் சோதனைகளை, தானாக ஓடும்படி ஆட்டோமேட் செய்வது. இதுதான் மூன்றில் நேர்மையான இலக்கு, எண்ணிப் பார்க்கலாம். ஆனால் 60 நாள் என்பது காலண்டர் நாளா வேலை நாளா என்று கேளுங்கள். காலண்டர் கணக்கில் மார்ச் 19 அன்று முடிகிறது. சனி ஞாயிறையும் குடியரசு தினத்தையும் கழித்தால் 43 வேலை நாள்தான், உங்கள் கம்பெனியில் வேறு விடுமுறை இருந்தால் இன்னும் குறையும். 43 நாளில் 60 கேஸ், அதோடு வழக்கமான ஸ்பிரிண்ட் வேலை. சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வர் படுத்துவிட்ட நாட்கள், அக்சஸ் கிடைக்காத நாட்கள் இதில் எப்படிக் கணக்காகும் என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். 50-வது நாள் கேட்டால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

இதையெல்லாம் வைத்து நான் எழுதினால் கடிதம் இப்படி இருக்கும். ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள், இதே தொனியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். ஜனவரி 19 அன்று கொடுக்கப்பட்ட செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பெற்றுக்கொண்டேன். அதன் இலக்குகளை அடைய வேலை செய்யத் தொடங்கிவிட்டேன். சரியான திசையில் போக, கீழ்க்கண்டவற்றைத் தெளிவுபடுத்தக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இலக்கில் லீக்கேஜ் எப்படிக் கணக்கிடப்படும், எந்தக் குறைகள் சேர்க்கப்படும், கடந்த இரண்டு காலாண்டில் எனக்கும் டீமுக்கும் இந்த எண் என்னவாக இருந்தது? இரண்டாவது இலக்குக்கு இரண்டு செயல்களை இணைத்திருக்கிறேன், அவை நடந்தால் இலக்கு நிறைவேறியதாகக் கொள்ளப்படுமா? மூன்றாவது இலக்கின் 60 நாள் காலண்டர் நாட்களா, சோதனைச் சூழல் கிடைக்காத நாட்கள் எப்படிக் கையாளப்படும்? வாராந்தர ஆய்வுக் கூட்டங்கள் எந்தெந்தத் தேதிகளில், குறிப்பை யார் எழுதுவார்கள்? திட்டம் முடிந்ததும் என்னென்ன முடிவுகள் எடுக்கப்படலாம், முடிவெடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும்? மூன்றில் இரண்டு இலக்குகளை அடைந்தால் என்ன நிலை? இந்தக் காலத்தில் என் சம்பளம், வேரியபிள் பே, வேறு டீமுக்கு மாறும் வாய்ப்பு, நோட்டீஸ் பீரியட் இவற்றில் மாற்றம் உண்டா? இந்த வாரத்துக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

உங்கள் வேலை என்னவாகும் என்ற கேள்வி இதிலும் இருக்கிறது, கவனித்தீர்களா? "என்னென்ன முடிவுகள் எடுக்கப்படலாம், முடிவெடுப்பவர் யார்" என்று கேட்டிருக்கிறோம். இதற்கு எச்.ஆர். பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது கம்பெனியின் நடைமுறை பற்றிய கேள்வி. வழக்கமாக நாலு முடிவுகள் உண்டு: திட்டம் வெற்றி என்று மூடுவது, 30 நாள் நீட்டிப்பது, வேறு வேலைக்கோ கீழ்நிலைக்கோ மாற்றுவது, வேலையை முடிப்பது. அந்த நாலையும் எழுதி அனுப்புகிறார்களா, இல்லை கடைசி ஒன்றை மட்டும் "உள்ளிட்ட நடவடிக்கை" என்று எழுதுகிறார்களா என்பதிலேயே கொஞ்சம் தெரிந்துவிடும்.

மெயிலை எச்.ஆருக்கு அனுப்பி மேனேஜரைக் காப்பியில் வையுங்கள். அவருக்குத் தெரியாமல் அனுப்பினாலும் எச்.ஆர். அதை அவருக்குத்தான் முதலில் ஃபார்வர்டு செய்வார். புகார் செய்தது போல ஆக வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு அனுப்பாதீர்கள், காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். பிஐபியில் கையெழுத்துக் கேட்டால் போடலாம், மறுத்தால் "பெற மறுத்தார்" என்று எழுதிக்கொள்வார்கள், அது உங்களுக்குத்தான் கெடுதல். கையெழுத்துக்குக் கீழே "பெற்றுக்கொண்டேன், தெளிவுரை கேட்டுத் தனியாக எழுதியுள்ளேன்" என்று ஒரு வரியும் தேதியும் போடுங்கள். போர்ட்டலில் பட்டனை அமுக்குவது என்றால் பக்கத்தில் கமெண்ட் பெட்டி இருக்கும், அதில் அதே வரியைப் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் பெயருக்கு வந்த கடிதங்கள், பிஐபி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பழைய அப்ரைசல் ரேட்டிங், இவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். ஆனால் ஜிரா பட்டியலையோ வாடிக்கையாளர் பெயர் உள்ள ஸ்கிரீன்ஷாட்டையோ சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பிஐபியில் இருப்பவர்களின் மெயில் போக்குவரத்தைப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு. தகவல் பாதுகாப்பு விதியை மீறினார் என்று ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் திறமை பற்றிய பேச்சே எழாது, ஒழுங்கீனம் என்று வேறு பாதையில் போய்விடுவார்கள், அது இதைவிடச் சீக்கிரம் முடியும். எண்ணிக்கைகளை வீட்டில் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவையுங்கள்: இன்று எத்தனை கேஸ் முடிந்தது, ஆய்வுக் கூட்டம் நடந்ததா, யார் என்ன சொன்னார்கள், சர்வர் எத்தனை மணிக்கு விழுந்தது. அந்த நோட்டு போதும்.

இந்த பிஐபி நிஜமா, வெறும் சடங்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே நான் சொல்வது அனுபவம் மட்டுமே, விதி இல்லை. மேனேஜர் ஆய்வுக் கூட்டத்தைத் தவறாமல் நடத்துகிறார், திட்டத்தில் அவர் செய்ய வேண்டியதும் எழுதியிருக்கிறது, உங்களுக்கு வேலை தொடர்ந்து வருகிறது என்றால் நம்பலாம். கூட்டங்கள் வரிசையாக ரத்தாகின்றன, புது வேலை வருவது நின்றுவிட்டது, "எதற்கும் ஒரு நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் கொடுத்து வையுங்கள்" என்று உங்கள் மாட்யூலை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றால் வேறு இடத்தில் வேலை தேடுவதை அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். நான் பார்த்தவரை கடைசியாகச் சொன்னதுதான் மிகத் தெளிவான அறிகுறி. முந்தைய ரேட்டிங் நன்றாக இருந்து, புது மேனேஜர் வந்த மூன்று நாலு மாதத்தில் பிஐபி வந்தால் அதுவும் யோசிக்க வேண்டியதே, ஆனால் அது மட்டும் போதாது, பழைய மேனேஜர் தாராளமாக ரேட்டிங் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

கூட்டம் ரத்தாவதைச் சொன்னேன் அல்லவா, அது உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். அதே கம்பெனியில் ஒரு பெண் ஊழியர் எட்டு வாரத் திட்டத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு வரி மெயில் அனுப்பினார். "இந்த வாரம் முடித்தது இவ்வளவு, மீதி இவ்வளவு, ஆய்வுக் கூட்டம் நடந்தது" அல்லது "கூட்டம் நடக்கவில்லை, வேறு நேரம் கொடுங்கள்." கோபமோ கெஞ்சலோ ஒரு சொல் இல்லை. முடிவெடுக்க உட்கார்ந்தபோது எட்டில் மூன்று கூட்டம் மேனேஜரால் நடக்கவில்லை என்பது அந்த மெயில்களில் வரிசையாக இருந்தது. சட்டப் பிரிவு ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவருக்கு 30 நாள் நீட்டிப்புக் கிடைத்தது, அதற்குள் வேறு டீமுக்கு மாறினார். உங்கள் மேனேஜரும் அப்படி என்று சொல்லவில்லை, அந்த நாலு வரி மெயிலை இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், கூப்பிட்டு உட்காரவைத்து "நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் சுத்தமாகத் தருகிறோம், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று போகும்" என்று சொல்லும் நாள் வரலாம். பெரும்பாலும் திட்டம் முடியும் முன்பே வரும். ராஜினாமா செய்வது தவறு என்று நான் சொல்லமாட்டேன், அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அது எளிது என்பது உண்மை. ஆனால் நீங்களாக எழுதிக்கொடுத்துவிட்டால், மேலே சொன்ன 41-வது பிரிவைத் தொடவே முடியாது. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம்தான், நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். அதனால் அந்த அறையிலேயே டைப் செய்யாதீர்கள். "யோசித்து இரண்டு நாளில் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அதைத் தடுக்க அவர்களால் முடியாது.

உங்கள் விஷயத்தில் தேதிக்குப் பணமதிப்பு உண்டு, கடிதத்தில் நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டியை வாங்க ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை வேண்டும், நிரந்தர ஊழியருக்குப் பழைய 1972 சட்டத்திலும் அப்படித்தான், புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அப்படித்தான். நீங்கள் சேர்ந்தது ஜூன் 14, ஐந்து வருடம் வருகிற ஜூன் 13-ஓடு முடிகிறது. மார்ச் 19 அன்று திட்டம் முடிந்து, மறுநாளிலிருந்து 90 நாள் நோட்டீஸ் ஓடினால் ஜூன் 17-ல் முடியும். நாலே நாள் வித்தியாசத்தில் ஐந்து வருடம் நிறைந்துவிடுகிறது. கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஐந்து வருடத்துக்குப் போட்டால் சுமார் 1,15,385 ரூபாய். "உடனே ரிலீவ் செய்துவிடுகிறோம், நோட்டீஸ் தேவையில்லை" என்று சலுகை மாதிரி சொல்லும்போது இந்தத் தொகை உங்கள் கையை விட்டுப் போகலாம். நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள், வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 190 நாள், ஆகியிருந்தாலே போதும் என்ற வாதம் உண்டு, சென்னை உயர் நீதிமன்றமும் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் பல கம்பெனிகள் அதை ஏற்காமல் ஐந்து முழு வருடம் கேட்பார்கள், நீங்கள் அலைய வேண்டியிருக்கும். ஆகவே பேரம் என்று வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் கடைசி வேலை நாள் ஜூன் 13-க்குப் பிறகு இருக்க வேண்டும் என்பது. அதற்கு அடுத்ததுதான் ரிலீவிங் லெட்டரின் வாசகம், கூடுதல் சம்பளம் எல்லாம்.

வேலையை அவர்களே முடித்தால், எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டின் 30 நாள் அது கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, டெஸ்டராகிய உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தொழில் தகராறு வழக்கு என்ற இன்னொரு வழியும் உண்டு, அங்கே பதவியின் பெயரைப் பார்க்கமாட்டார்கள், நீங்கள் செய்யும் வேலையின் தன்மையைப் பார்ப்பார்கள். பிறருக்கு லீவ் ஒப்புதல் கொடுப்பது, அப்ரைசல் எழுதுவது போன்ற பொறுப்பு உங்களிடம் இருந்தால் அங்கே சிக்கலாகும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்து காலக்கெடுக்கள் மாறியிருப்பதால் அந்த வழிக்கு மட்டும் வக்கீலை உத்தரவு வந்த வாரத்திலேயே பாருங்கள்.

கடைசியாக, இந்தக் கடிதத்துக்கு எச்.ஆரிடமிருந்து எழுத்தில் பதில் வராமல் "ஒரு கால் போட்டுப் பேசுவோம்" என்று வருவதுதான் அதிகம் நடப்பது. போய்ப் பேசுங்கள், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள் அதே மெயில் தொடரில் எழுதுங்கள்: "இன்று மதியம் 3 மணிக்குப் பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது: லீக்கேஜ் கணக்கில் டெஸ்டிங்குக்கு வராத மாற்றங்கள் சேராது, 60 நாள் என்பது காலண்டர் நாள், ஆய்வு ஒவ்வொரு வியாழனும், முடிவு மார்ச் 25-க்குள் எழுத்தில் வரும். இதில் ஏதாவது தவறாக இருந்தால் திருத்தவும்." அவர்கள் திருத்தாவிட்டால் அதுதான் பதிவு.